உடம்போடு போன பயணம்

ரஜப் பிறை தெரிந்துவிட்டால் எங்கள் பெரிய மாமா கடையை மறந்துவிடுவார். பூந்தமல்லி கடைத்தெருவில் அவருக்கு ஜவுளிக் கடை. வருஷம் முழுக்கத் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் மனிதர், அந்த ஒரு மாதம் மட்டும் சாயங்கால அஸர் தொழுகை முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து, கூடத்தில் பாய் விரித்து, மரப் பலகையில் விளக்கக் கிதாபை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சின்ன வயதில் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தவரை, அவருடைய அத்தா மவுத்தானதும் பாதியில் இழுத்து வந்து கடையில் உட்கார வைத்துவிட்டார்களாம். அந்தக் குறை தீரத்தானோ என்னவோ, ரஜபில் மாமா மவுலவி ஆகிவிடுவார். யாரும் அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்கவில்லை. பிடுங்கவும் யாருக்கும் தைரியம் இல்லை.

மாதம் முழுக்க ஒரே ஒரு வசனம்தான். ரஜபில் நடந்ததாகச் சொல்லும் நபிகள் நாயகத்தின் இரவுப் பயணத்தைப் பற்றிய குர்ஆன் அத்தியாயத்தின் முதல் வசனம். தெரு ஆண்கள் பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் திரைச்சீலைக்குப் பின்னால். எனக்கு ஏழு வயசு, பெண் பிள்ளை. திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வரலாம் என்கிற பெரிய அதிகாரம் அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது.

"சுப்ஹானல்லதீ அஸ்ரா" என்று மாமா இழுத்து ஓதுவார். தன் அடியாரை ஓர் இரவில் மக்காவின் புனிதப் பள்ளியிலிருந்து தொலைவில் இருக்கும் பள்ளிக்கு, அக்ஸாவுக்கு, அழைத்துச் சென்றவன் தூயவன். அந்தப் பள்ளியின் சுற்றுப்புறத்தை நாம் அருள் நிறைந்ததாக்கினோம். நம் அத்தாட்சிகளில் சிலவற்றை அவருக்குக் காட்டுவதற்காக. அவனே கேட்பவன், பார்ப்பவன். இவ்வளவுதான் வசனம். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் மாதம் பூராவும் பேசுவார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஒரு நாள் முழுக்க முதல் சொல்லிலேயே நிற்பார். ஏன் 'தூயவன்' என்று ஆரம்பிக்கிறான்? மனுஷ புத்திக்கு எட்டாத ஒன்றைச் சொல்லப்போகிறான். 'அவனால் முடியுமா' என்று நீ இழுப்பாய். முடியாமை என்கிற குறையே அவனுக்கு இல்லை என்று முன்னாலேயே உன் வாயை அடைத்துவிடுகிறான் என்பார். மறுநாள் 'இரவில்' என்ற சொல். 'அஸ்ரா' என்றாலே இரவில் அழைத்துப் போவதுதான். அப்புறம் எதற்கு 'ஓர் இரவில்' என்று இன்னொரு சொல்? ராத்திரி பூராவும் ஆகவில்லை, ராத்திரியில் ஒரு துண்டு நேரம்தான் ஆயிற்று என்று காட்டுவதற்காம். ஒட்டகத்தில் போக ஒரு மாதம், வர ஒரு மாதம் ஆகிற தூரம் அது. புனிதப் பள்ளி என்பது கஅபாவை ஒட்டிய இடமா, அல்லது நபிகள் அன்று தங்கியிருந்த உம்மு ஹானியின் வீடா என்று ஒரு நாள் போகும். உம்மு ஹானி அவர்களுடைய பெரியப்பா மகள். வீடென்றாலும் சரிதான், மக்காவின் புனித எல்லை முழுக்கவே அந்தப் பெயரில் அடங்கும் என்று விரிவுரைக்காரர்கள் வழி சொல்லியிருக்கிறார்களாம். அக்ஸாவைச் சுற்றி இருக்கிற அந்த அருள் என்ன? ஆறும் மரமும் கனியும் என்பார்கள் சிலர். நபிமார்கள் வாழ்ந்து அடங்கிய பூமி என்பதே அருள் என்பார்கள் சிலர். அன்றிரவே நபிகள் வானத்துக்கு ஏறிப்போனதை இந்த வசனத்தில் தேடாதே, அது வேறு அத்தியாயத்திலும் ஹதீஸிலும் இருக்கிறது, இங்கே பூமிப் பயணம்தான் என்று விரலை ஆட்டுவார்.

எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. சாயங்கால வெயில் ஓட்டுக் கண்ணாடி வழியாக இறங்கிப் பாய்மேல் சதுரமாகக் கிடக்கும். பக்கத்துத் தோட்டத்து மல்லிகை அரும்பு வாசனை வரும். திரையில் முதுகைச் சாய்த்தால் அந்தப் பக்கம் சின்னம்மாவின் முதுகு இருக்கும். அப்படியே கண் சொருகும். வசனம் 'அவன்' என்று ஆரம்பித்து, நடுவில் 'நாம்' என்று மாறி, முடிவில் மறுபடி 'அவன்' என்று போவதைப் பற்றி மாமா ஒருநாள் சொன்னார். எனக்குத் தூக்கத்தில் யாரோ தூரத்தில் நின்று பேச ஆரம்பித்து, காதுக்குப் பக்கத்தில் வந்து பேசி, திரும்பத் தூரமாகப் போன மாதிரியே இருந்தது. அந்தச் சுகத்தை இன்றைக்கு நினைத்தாலும் கண் சொக்குகிறது.

ஆனால் மாமாவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த இடம் 'அடியார்' என்ற சொல்தான். போனது உடம்பா, உயிர் மட்டுமா? விழிப்பிலா, கனவிலா? அந்த இடம் வந்தால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார். 'அடியாரை' என்றான், 'அடியாரின் ரூஹை', அவர் உயிரை, என்றானா? அடியார் என்றால் உடம்பும் உயிரும் சேர்ந்த ஆள். வெறும் கனவு என்றால் மக்காவின் குறைஷிகள் ஏன் கைகொட்டிச் சிரித்தார்கள்? நேற்றுக் கனவில் டெல்லிக்குப் போனேன் என்று நான் சொன்னால் நீ சிரிப்பாயா? சரி போ என்பாய். நபிகள் உடம்போடு போய்வந்தேன் என்று சொன்னதால்தானே பைத்துல் முகத்தஸ், அந்த அக்ஸா பள்ளி, எப்படியிருக்கிறது சொல்லு பார்ப்போம் என்று மடக்கினார்கள்? அல்லாஹ் அதைக் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தி, பார்த்துப் பார்த்துச் சொல்ல வைக்கவில்லையா? இதுதான் பெரும்பாலோர் சொல்வது, முடிந்தது என்று கிதாபைத் தட்டுவார். ஆயிஷா நாயகியிடமிருந்து 'உடம்பு காணாமல் போகவில்லை, ரூஹைத்தான் அழைத்துச் சென்றான்' என்று ஒரு செய்தி வந்திருப்பதையும் சொல்லுவார். குரலை இறக்கிச் சொல்லுவார். அந்தச் செய்தி வந்த வழி பலமில்லை, அந்த அம்மா அப்போது நபிகள் வீட்டுக்கு வாழவும் வரவில்லை என்று அதோடு சேர்த்தே சொல்லிவிடுவார்.

இந்த இடத்தில்தான் சின்னம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமாவின் கடைசித் தங்கை. அம்மாவுக்கும் தங்கை. பார்க்க அவ்வளவு லட்சணம். அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டாள். அவளுக்கு ஒரே ஒரு வியாதி. தூக்கத்தில் எழுந்து நடப்பாள்.

முதலில் கிணற்றடி வரைக்கும் போனாள். அப்புறம் தெருமுனை. ஒருநாள் விடியும் முன்னால் மல்லிகை பறிக்கப் போன பெண்கள், சென்னீர்குப்பத்துப் பெங்களூர் ரோட்டில் ஒரு பெண் தலைவிரி கோலமாக நடந்து போவதைப் பார்த்து, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டார்கள். தங்கமான பெண்கள், வெளியே மூச்சு விடவில்லை. ஆனால் சின்னம்மாவின் பாதத்தில் கணுக்கால் வரைக்கும் செம்மண் அப்பியிருந்ததை நான் பார்த்தேன். அம்மா அழுதுகொண்டே கழுவிவிட்டாள். எங்கே போனாய் என்று மாமா கேட்டதற்கு, நான் எங்கேயும் போகவில்லையே காக்கா, பாயில்தானே படுத்திருந்தேன் என்றாள் சின்னம்மா. அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் தாவணி முனையை என் கையில் முடிந்துவிட்டுத்தான் படுக்க வைப்பார்கள். அவள் எழுந்தால் நான் முழித்துக்கொள்ளவேண்டும். ஓதி ஊதிய தண்ணீர், தாயத்து, எல்லாம் பார்த்தாயிற்று. ஜின் என்றார் ஒருவர், பித்தம் என்றார் வைத்தியர். எப்படியோ கசிந்து, வந்த இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிற்று. இரண்டாவது வீட்டார் போகும்போது வாசலில் நின்று சிரித்தார்களாம். 'ராத்திரி பொண்ணைத் தேடிகினு போறதுக்கு மாப்பிள்ளைக்கு லாந்தர் ஒண்ணு சீர் குடுங்க' என்று ஒருத்தர் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது. சின்னம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அவள் சிரித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த வருஷ ரஜபில்தான் அம்பத்தூரிலிருந்து மூன்றாவது சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆவடி ரயிலடியில் பார்சல் குமாஸ்தா. வெள்ளைக்காரன் சம்பளம். தகப்பனார் இல்லை, பெரியப்பாதான் எல்லாம். இது கைகூடவில்லையென்றால் இனி பூந்தமல்லியில் இவளைக் கேட்டு ஒரு ஆள் வரமாட்டான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தூக்கத்து விஷயத்தைச் சொல்லவேண்டாம், நிக்காஹ் ஆனால் தானாகச் சரியாகிவிடும் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். சொல்லிவிடலாமே காக்கா என்று சின்னம்மா ஒரே தடவை கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்றார். எனக்கும் உத்தரவு வந்தது. வாயைத் திறந்தாயோ, சூடு போட்டுவிடுவேன் என்று அம்மா கரண்டியைக் காட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின்னால் ஜட்காவில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, தலையைக் குனிந்தபடி இருந்தார். பெரியப்பா வேறு மாதிரி. தங்க பிரேம் கண்ணாடி, கையில் சுருட்டிய பத்திரிகை. பட்டணத்தில் நாலு பேர் பேசுகிற புதுக் கருத்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. வந்தவர்கள் முன்னால் வீட்டுச் சின்னப் பிள்ளையை ஓதவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை நன்றாக ஓதினால் வீட்டின் வளர்ப்பு தெரியுமாம். மாமா என்னை நிறுத்தி, மாதம் முழுக்கக் கேட்டதையே ஓதச் சொன்னார். நான் ஒரு எழுத்துப் பிசகாமல் ஓதினேன். மாப்பிள்ளை 'மாஷா அல்லாஹ்' என்றார். அத்தோடு விட்டிருந்தால் தேநீர் குடித்துவிட்டு நல்லபடியாகப் போயிருப்பார்கள்.

மாமாவால் விட முடியவில்லை. வந்தவர்களுக்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதெல்லாம் ரூஹானியான பயணம் பாய், இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் உடம்போடு பறந்தார்கள் என்றால் யார் ஏற்பார்கள் என்றார். மாமாவின் சட்டைக் கை மடிந்தது. 'அடியார்' என்ற சொல்லைப் போட்டார். அவர் ஆயிஷா நாயகியின் செய்தியைப் போட்டார். வந்த வழி பலமில்லை என்றார் இவர். சரி, அதே அத்தியாயத்தில் பின்னால் ஒரு வசனத்தில் 'நாம் உமக்குக் காட்டிய ருஃயா' என்று குர்ஆனே சொல்கிறதே, ருஃயா என்றால் கனவுதானே என்றார் அவர். அது கண்ணால் கண்ட காட்சி என்று நபித்தோழர் இப்னு அப்பாஸே விளக்கிவிட்டார், போங்கள் என்றார் இவர். தேநீரில் ஆடை படிந்தது. சம்பந்தம் பேச வந்தது இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்று.

நான் திரையோரம் உட்கார்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் சின்னம்மாவின் முதுகு கல் மாதிரி விறைத்திருந்தது. மாமாவின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் தொடையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

"கனவு கண்டவன் உடம்பு எங்க இருக்கும்? பாயிலதான் இருக்கும். தூங்கறவன் எங்கனா எழுந்து போவானா? போய்வந்தா அவன் கால்ல மண்ணு ஒட்டுமா? சொல்லுங்க!"

எனக்குப் பாதிக் கண் திறந்தது. மாதம் முழுக்க மாமா சொன்னதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அதுவும் தப்பு.

"ஒட்டும் மாமா. சின்னம்மா தூங்கிகினேதானே சென்னீர்குப்பம் வரிக்கும் போச்சு. கால் பூரா மண்ணு இருந்துச்சே."

திரைக்குப் பின்னால் அம்மா 'அல்லாஹ்' என்று வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு மாதம் கிதாபைத் தட்டித் தட்டிக் கட்டிய வாதத்தை அவர் வீட்டுப் பிள்ளையே கவிழ்த்துவிட்டது. கூடவே தங்கையின் வாழ்வையும். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என்ன பாய் இது, நிஜமா என்று கேட்டார். மாமா கிதாபின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். குர்ஆன் விளக்கத்தைத் தொட்டுக்கொண்டு பொய் சொல்ல அவரால் முடியவில்லை. நிஜந்தான் என்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மாப்பிள்ளை எழவில்லை. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாத மனுஷர், தரையைப் பார்த்தபடியே பேசினார். பெரியப்பாவுக்கு எதிரில் பேசிப் பழக்கமில்லை போல, குரல் உடைந்து உடைந்து வந்தது. நீங்கள் சொன்ன ருஃயா வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே பெரியத்தா, மீதியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மாமாதான் பழக்கதோஷத்தில் சொன்னார்: அந்தக் காட்சியை மனிதர்களுக்கு ஒரு சோதனையாகவே ஆக்கினோம்.

"யாருக்கு சோதனை?" என்றார் மாப்பிள்ளை. "போய்வந்தவங்களுக்கா? இல்லியே. கேட்டவங்களுக்குத்தான். கேட்டுட்டு சிரிச்சாங்களா, நம்புனாங்களான்னு பாக்கறதுக்கு."

அந்தப் பெரிய பயணத்தோடு நம் வீட்டு விஷயத்தை ஒப்பிடக்கூடாது, அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று உடனே சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனாலும் அத்தாட்சி கேட்கிறவனாக நான் இருக்கமாட்டேன் என்றார். உள்ளே பெண்ணைக் கேட்டு அவர்களுக்குச் சம்மதமா என்று சொல்லுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பெரியப்பா நின்றவாக்கிலேயே இருந்தார். அப்புறம், உடம்போடா கனவிலா என்பதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று முனகிவிட்டு உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

மாமா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. சின்னம்மா முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்பத்தூர் மாப்பிள்ளைக்கு உன்னைக் கொடுக்கச் சம்மதமா என்று மாமா முறைப்படி கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

எனக்கு உயிர் போயிற்று. நன்றாகக் கிள்ளப்போகிறாள் என்று பயந்துகொண்டே போனேன். அவள் என் தலையை இழுத்து முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளே இருட்டாக, மருதாணி வாசனையாக இருந்தது. என் காதில் கேட்டாள்.

"நீ சொன்னப்போ அவுரு சிரிச்சாரா?"

"இல்ல சின்னம்மா."

"நல்லா பாத்தியா? ஒதட்டுக்குள்ள கூட சிரிக்கலியா?"

"இல்ல. தலய குனிஞ்சிகினே இருந்தாரு. நான் கீழ உக்காந்துகினு இருந்தேன்ல, மூஞ்சி பூரா தெரிஞ்சுது. கண்ணு மட்டும் நனைஞ்சா மாதிரி இருந்துச்சு."

அவ்வளவுதான். என்னை விட்டுவிட்டாள். மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மாமா இரண்டாவது தடவை கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவையும் கேட்டார். முக்காடு கொஞ்சம் ஆடியது. அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். சத்தமே வரவில்லை. மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினாள். மாமா 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார். கூடத்தில் எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள், பெரியப்பாவின் குரல் உட்பட. யாரோ சர்க்கரைத் தட்டை எடுத்து வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எனக்குக் கோபமான கோபம். கேட்ட கேள்விக்கு ஒருத்தி பதிலே சொல்லவில்லை, இவர்கள் பாட்டுக்குச் சர்க்கரை வழங்கினால் எப்படி? இது என்ன அநியாயம்? அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, சின்னம்மா ஒன்றுமே சொல்லவில்லையே, ஒன்றுமே சொல்லவில்லையே என்று கத்தினேன். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் நடுவில், முக்காட்டை லேசாக விலக்கிக்கொண்டு, சின்னம்மாவும் சிரித்தாள். அவளாவது எனக்காகப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவளும் சர்க்கரையைத்தான் வாயில் போட்டுக்கொண்டாள்.